ஒரே வலுவான கடவுச்சொல்லைச் சிறு மாற்றங்களுடன் எல்லாத் தளங்களிலும் பயன்படுத்தலாமா?

கேள்வி: என்னிடம் 12 எழுத்துகள் கொண்ட வலுவான கடவுச்சொல் ஒன்று உள்ளது. அதன் இறுதியில் ஒவ்வொரு தளத்தின் பெயரிலிருந்தும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து, ஏறத்தாழ 40 கணக்குகளில் பயன்படுத்துகிறேன். இது பாதுகாப்பானதா?

பாதுகாப்பானதன்று. நீங்கள் அனுப்பிய மாதிரியையே எடுத்துக்கொள்வோம்:

```
vR8!meGam#41-Fb
vR8!meGam#41-Gm
vR8!meGam#41-Am
```

இவற்றில் முதல் வரியை மட்டும் பார்க்கும் ஒருவருக்குக்கூட, இறுதியில் நிற்கும் `Fb` எதைக் குறிக்கிறது என்பது உடனே விளங்கிவிடும். மின்னஞ்சலுக்கு அது `Gm` ஆக இருக்கும் என்று ஊகிக்கத் தனித்திறமை எதுவும் வேண்டியதில்லை. உங்கள் கடவுச்சொல்லின் வலிமை அத்தனையும் முதல் 12 எழுத்துகளில் உள்ளது. அந்த 12 எழுத்துகளையோ நீங்கள் 40 இடங்களில் ஒப்படைத்திருக்கிறீர்கள்.

கேள்வி: ஆனால் அந்த 12 எழுத்துகளை எவராலும் ஊகிக்க முடியாதே?

ஊகிக்க முடியாது என்பது உண்மைதான். எனினும் கடவுச்சொற்கள் ஊகத்தால் மட்டும் பறிபோவதில்லை. தளத்தின் தரவுத்தளம் கசியலாம், அசலைப் போலவே தோன்றும் போலிப் பக்கத்தில் நீங்களே அதைத் தட்டச்சு செய்துவிடலாம், அல்லது கணினியில் புகுந்த தீநிரல் விசைப்பலகையில் நீங்கள் அழுத்துவதைப் பதிவு செய்யலாம். கடைசி இரண்டிலும் கடவுச்சொல் எவ்வளவு வலுவானது என்பது பொருட்டே அல்ல. அது முழுமையாக, உள்ளது உள்ளபடியே எதிராளியின் கையில் சேர்ந்துவிடுகிறது.

தரவுக் கசிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுப்புள்ள தளம் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், மீட்டெடுக்க இயலாத ஒரு ஹேஷ் மதிப்பாக மாற்றி, ஒவ்வொரு பயனருக்கும் வேறுபடும் 'சால்ட்' எனும் சேர்க்கையோடு வைத்திருக்கும். அத்தகைய தளம் கசிந்தால் உங்கள் 12 எழுத்துகள் தாக்குப்பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் எல்லாத் தளங்களும் அப்படி இருப்பதில்லை. 2009-இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து கசிந்த 3.2 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் எவ்வித மறைப்பும் இன்றிச் சாதாரண எழுத்துகளாகவே இருந்தன. 2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து திருடப்பட்டவை சால்ட் சேர்க்கப்படாத ஹேஷ் மதிப்புகள். உங்களுடைய 40 தளங்களுள் எது எப்படிச் சேமிக்கிறது என்பதை வெளியிலிருந்து நீங்கள் அறிய வழியில்லை. ஆகவே உங்கள் மின்னஞ்சலின் பாதுகாப்பு, என்றோ ஒருநாள் பதிவு செய்து மறந்துபோன ஒரு சிறு மன்றத்தளத்தின் கவனக்குறைவைப் பொறுத்ததாகிவிடுகிறது. எனக்கு மிகவும் கவலையளிப்பது இதுதான்.

கேள்வி: திருடர்கள் கோடிக்கணக்கான கணக்குகளை நிரல் கொண்டு சோதிப்பவர்கள். என் ஒருவனுடைய விதியை யார் உட்கார்ந்து ஆராயப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. கசிந்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் அப்படியே வேறு தளங்களில் போட்டுப் பார்க்கும் எளிய தாக்குதலை உங்கள் இரண்டு எழுத்துகள் தடுக்கும். 2023-இல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் ஏறத்தாழ 14,000 கணக்குகள் இந்த எளிய முறையிலேயே திறக்கப்பட்டன. அவற்றின் வழியாக 69 லட்சம் பேருடைய தகவல்கள் பறிபோயின. அந்த அளவில், எல்லா இடத்திலும் மாற்றமே இல்லாமல் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பவரைவிட உங்கள் நிலை மேலானது என்பதை மறுக்கவில்லை.

ஆனால் மனிதர்கள் செய்யும் மாற்றங்கள் மிகச் சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன: இறுதியில் எழுத்தோ எண்ணோ சேர்ப்பது, முதலெழுத்தைப் பெரிதாக்குவது, `a`-வை `@` ஆக்குவது, தளத்தின் பெயரை ஒட்டுவது. இவற்றையெல்லாம் முயன்று பார்க்க மனிதர் உட்கார வேண்டியதில்லை, நிரலுக்கே கற்றுக்கொடுத்துவிடலாம். ஒரே நபர் வெவ்வேறு தளங்களில் வைத்திருந்த, ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போகாத கடவுச்சொற்களை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. ஒன்றை அறிந்துகொண்டு மற்றொன்றை 10-க்கும் குறைவான முயற்சிகளில் கண்டுபிடிப்பது ஏறத்தாழ 10 விழுக்காட்டு இணைகளில் முடிந்தது. 100 முயற்சிகளுக்குள் அது ஏறத்தாழ 30 விழுக்காடாக உயர்ந்தது. பத்துத் தவறான முயற்சிகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும் தளங்கள்கூட, 10-க்கும் குறைவான முயற்சிகளில் கண்டுபிடிக்கப்படும் அந்த 10 விழுக்காட்டுக்கு எதிராகக் காப்பு தருவதில்லை.

கேள்வி: எளிதில் புரியாத விதியை வகுத்துக்கொண்டால்? தளப் பெயரின் மூன்றாம் எழுத்தை எடுத்து, அகரவரிசையில் இரண்டு இடம் தள்ளி, கடவுச்சொல்லின் நடுவில் வைக்கிறேன்.

ஒரேயொரு கடவுச்சொல் வெளியானால் இந்த விதி மறைந்தே இருக்கக்கூடும். இரண்டு வெளியானால் நிலைமை மாறிவிடும்: இரண்டையும் அருகருகே வைத்ததும், 12 எழுத்துகள் ஒத்திருப்பதும் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறுவதும் கண்ணில் படும். அந்த ஓரிடத்தில் வரக்கூடியவை வெறும் 26 எழுத்துகளே என்பதால், விதியைப் புரிந்துகொள்ளாமலேயே எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். இரண்டு கசிவுகள் ஒருவருக்கே நேர்வது அரிது என்று எண்ண வேண்டாம். பழைய கசிவுகளை ஒன்றுசேர்த்து, மின்னஞ்சல் முகவரிவாரியாகத் தொகுத்துச் சுற்றுக்கு விடுகிறார்கள். 2019 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த 'கலெக்‌ஷன் #1' என்ற தொகுப்பில் மட்டும் 77 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் இருந்தன.

நடைமுறைத் தொல்லை ஒன்றும் உண்டு. ஒரு தளம் கசிந்து, அங்கு மட்டும் கடவுச்சொல்லை மாற்ற நேர்ந்தால் உங்கள் விதி அங்கே உடைந்துவிடும். அத்தகைய விதிவிலக்குகள் ஐந்தாறு சேர்ந்ததும், நினைவில் வைக்க எளிது என்ற ஒரே நன்மையும் போய்விடுகிறது.

கேள்வி: அப்படியானால் 40 கடவுச்சொற்களை எப்படி நினைவில் வைப்பது?

வைக்க வேண்டாம். பாஸ்வேர்ட் மேனேஜர் செயலி ஒன்றைப் பயன்படுத்தி, ஒவ்வொரு தளத்துக்கும் தொடர்பே இல்லாத தற்போக்கான கடவுச்சொல்லை அதையே உருவாக்கச் சொல்லுங்கள். அது தளத்தின் முகவரியைச் சரிபார்த்த பின்பே தானாக நிரப்பும் என்பதால், போலிப் பக்கங்களில் ஏமாறுவதும் குறையும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது ஆபத்தில்லையா என்று பலர் கேட்கிறார்கள். ஆபத்து உண்டு, ஆனால் அந்த ஓர் இடத்தைக் காப்பதே வேலையாகக் கொண்ட நிரல் அது. உங்கள் இப்போதைய முறையில் அதே ஆபத்து 40 இடங்களில் பரவிக் கிடக்கிறது. செயலி ஒத்துவராதவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பூட்டி வைப்பதும், சிறு மாற்றங்களோடு ஒரே சொல்லைச் சுமப்பதைவிட நல்லதே.

கேள்வி: எதிலிருந்து மாற்றத் தொடங்குவது?

மின்னஞ்சலிலிருந்து. மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மீட்டமைக்கும் இணைப்பு அங்கேதான் வந்து சேரும். அடுத்து வங்கி, பணப்பரிமாற்றக் கணக்குகள், பிறகு சமூக ஊடகங்கள். இவை மூன்றிலும் இரண்டாம் நிலைச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். கடவுச்சொல்லே இல்லாமல் உங்கள் கைப்பேசி அல்லது கணினியின் பூட்டைத் திறந்து உள்நுழைய உதவும் பாஸ்கீ வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எஞ்சியவற்றை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை, அடுத்த முறை உள்நுழையும்போது ஒவ்வொன்றாக மாற்றலாம். உங்கள் முகவரி எந்தெந்தக் கசிவுகளில் உள்ளது என்பதை `haveibeenpwned.com` தளத்தில் பார்த்து, அங்கே பெயர் வரும் தளங்களை முன்னே கொண்டுவாருங்கள்.

கேள்வி: பழக்கமான அந்த 12 எழுத்துகளை மேனேஜரின் முதன்மைக் கடவுச்சொல்லாகவாவது வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அது ஏற்கெனவே 40 தளங்கள் அறிந்த சொல். புதியதொன்றைப் பகடை உருட்டி உருவாக்குங்கள்: 7,776 சொற்கள் கொண்ட டைஸ்வேர் பட்டியலில், ஐந்து முறை உருட்டி வரும் எண்ணுக்கு உரிய சொல்லை எடுக்க வேண்டும். இப்படி 6 சொற்களைச் சேர்த்தால் கிடைக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 24 இலக்கங்கள் கொண்டது. அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, நாளுக்கு இருமுறை தட்டச்சு செய்து பழகி, கைக்குப் படிந்த பின் அந்தத் தாளை முக்கிய ஆவணங்களோடு பூட்டி வையுங்கள்.