முதல் பால் கொதிக்கக் கூடாது

படத்தில் இருப்பது சொதி. திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் வேக வைத்து, இறக்கியபின் எலுமிச்சை பிழியும் குழம்பு. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து. பக்கத்தில் இருக்கும் கறுத்த உருண்டை இஞ்சித் துவையல். தேங்காய்ப் பால் வயிற்றில் மந்தமாக நிற்காமல் இருக்க அது வேண்டும் என்பார் அம்மா. ஜன்னலில் தெரியும் இருட்டைப் பார்த்து இரவுச் சாப்பாடு என்று நினைக்க வேண்டாம். ஹாம்பர்க்கில் டிசம்பர் மாதத்து நாலரை மணி இப்படித்தான் இருக்கும். இது, காலை பதினொன்றுக்கு நான் தொடங்கிய மதியச் சாப்பாடு.

செய்முறை அம்மாவின் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் வந்தது. மொத்தம் ஆறு நிமிடம். அதில் சொதி இரண்டு நிமிடம்தான். மீதியில் குக்கர் விசில் அடிக்கிறது, கீரைக்காரம்மா வாசலில் குரல் கொடுக்கிறார், அம்மா எழுந்து போய்த் தண்டங்கீரைக்குப் பேரம் பேசிவிட்டு வந்து "எங்கே விட்டேன்?" என்று என்னைக் கேட்கிறார். சமைக்காத நாட்களிலும் அந்தப் பதிவை நான் கேட்பதுண்டு.

அக்டோபரில் ஒரு தடவை செய்து பார்த்தேன். "பருப்பு ஒரு கை" என்று சொல்லியிருந்தார், ஒரு கை அள்ளிப் போட்டேன். கரண்டியை நட்டால் நிற்கும் பதத்துக்கு வந்துவிட்டது. போன் செய்து புலம்பியபோது, "ஐயா, நான் சொன்னது என் கை. உன் கை இல்லை" என்றார். அதனால் இந்தத் தடவை உள்ளங்கையில் பருப்பை வைத்துக்கொண்டு, அம்மாவின் கை எவ்வளவு பெரியது என்று யோசித்தபடி அடுப்படியில் நின்றேன். கிளம்பும் அன்று நெற்றியில் திருநீறு பூசிய கை. வளையல் நினைவில் இருக்கிறது, விரல் முனையின் சூடு நினைவில் இருக்கிறது, அளவு மட்டும் பிடிபடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பருப்பை டப்பாவுக்குள் திருப்பிப் போட்டு, ஓர் இடத்தில் நிறுத்தினேன்.

முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இங்கே யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரின் கடையில் கிடைக்கும். முருங்கைக்காய் பனிக்கட்டியாக உறைந்த துண்டுகள்தான். சொதிக்கு என்றதும் அவர் கேட்காமலே இடியப்ப மாவையும் எடுத்து வைத்தார். அவர்கள் ஊர்ச் சொதி தண்ணீராக, மஞ்சள் போட்டு, இடியப்பத்துக்கு ஊற்றுவது. எங்களுடையது சோற்றுக்கு என்றேன். "சோற்றுக்கோ?" என்று அவர் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை நான் மறக்கமாட்டேன். இடியப்ப மாவையும் வாங்கி வந்துவிட்டேன்.

தேங்காய்ப் பால் டப்பாவில் வந்தது. ஊரில் துருவி, அரைத்து, துணியில் பிழிந்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று மூன்று பாத்திரத்தில் பிரித்து வைப்பார்கள். டப்பாவில் வருவது எல்லாம் முதல் பால்தான். அதில் கொஞ்சத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, நானே இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் ஆக்கினேன். மூன்றாம் பாலில் காய், பூண்டு, சின்ன வெங்காயம், இஞ்சியோடு அரைத்த பச்சை மிளகாய். காய் வெந்ததும் இரண்டாம் பாலும் குழைந்த பருப்பும். கடைசியில் முதல் பால். இந்த இடத்தில் பதிவில் அம்மாவின் குரல் பள்ளிக்கூட டீச்சர் குரலாக மாறிவிடுகிறது: "நுரை கட்டும். கட்டினதும் அணைத்துவிடு. கொதித்தால் திரிந்துவிடும். போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதே."

போனைப் பார்க்கவில்லை. திரியவில்லை.

ருசி? அம்மா வைப்பதில் முக்கால் பங்கு வந்திருக்கிறது. மிச்சம் கால் பங்கு தேங்காயா, தண்ணீரா, எதிரே உட்கார்ந்து "இன்னும் ஒரு கரண்டி" என்று கேட்காமல் ஊற்றும் ஆளா, தெரியவில்லை. மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். இரண்டாவது முறை கொஞ்சம் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது, இஞ்சித் துவையல் காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தை முதலில் அம்மாவுக்குத்தான் அனுப்பினேன். அங்கே அப்போது இரவு ஒன்பது மணி. உடனே கூப்பிட்டார். முருங்கைக்காயை இவ்வளவு நீளமாகவா நறுக்குவது என்றார். தட்டு ஏன் ஓரத்தில் உடைந்திருக்கிறது என்றார். பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"மிச்சம் இருக்கிறதா ஐயா?"

"இருக்கிறது அம்மா, நாளைக்கும் வரும்."

"சூடு பண்ணும்போதும் கொதிக்க விட்டுவிடாதே."

#சொதி #அம்மாகைப்பக்குவம் #நெல்லை