வியன்னா மாநாட்டில் பங்கேற்கப் பயண நல்கை கோரும் விளக்கக் கடிதம்

மதுரை
9 மார்ச் 2026

அனுப்புநர்:
மு. செல்வராணி
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர், புவியியல் துறை

பெறுநர்:
தலைவரும் உறுப்பினர்களும்
வெளிநாட்டு மாநாட்டுப் பயண நல்கைக் குழு

வழி: ஆய்வு நெறியாளர், துறைத் தலைவர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் பொதுப் பேரவை வருகிற மே 3 முதல் 8 வரை ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் நடக்கிறது. அதன் நீரியல் பிரிவில் என் ஆய்வுச் சுருக்கம் சுவரொட்டியாக முன்வைக்க ஏற்கப்பட்டுள்ளது. நேரில் சென்று முன்வைக்க ரூ.1,39,500 பயண நல்கை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்புக் கடிதத்தையும் ஆய்வுச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன். சுருக்கம் துறைசார்ந்த சொற்களில் இருப்பதால், ஆய்வு எதைப் பற்றியது, ஏன் வியன்னா என்பதை இங்கே எளிமையாகச் சொல்கிறேன்.

திருமங்கலம் வட்டாரத்தில் குண்டாற்றுப் படுகையில் அடுத்தடுத்து அமைந்த ஒரு கண்மாய்த் தொடரை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். பெரியாறு, வைகைக் கால்வாய்த் தண்ணீர் எட்டாத மானாவாரிக் கண்மாய்கள் இவை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் இவற்றுக்கு எல்லாம். மேல் கண்மாய் பெருகி, கலிங்கு வழிந்து, மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். நடுவில் ஒரு வரத்துக் கால்வாய் தூர்ந்தாலோ அடைபட்டாலோ கீழே உள்ள எல்லாக் கண்மாயும் காயும். ஆக, எந்தக் கண்மாய் எப்போது நிறைந்தது, அதற்கு எத்தனை நாள் கழித்து அடுத்தது நிறைந்தது என்று தெரிந்தால், தொடர் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தூர்வாரும் பணத்தை எங்கே முதலில் போடுவது என்ற கேள்விக்கு அதைவிட நேரடியான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழகத்தில் சுமார் 39,000 கண்மாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அளவுகோல் நட்டு ஆள் வைத்துப் படிப்பது நடக்கிற காரியமல்ல. அதனால் செயற்கைக்கோள் படங்களை நம்பவேண்டியிருக்கிறது. சாதாரண ஒளிப்படம் எடுக்கிற செயற்கைக்கோள்கள் மழைக்காலத்தில் மேகத்தைத்தான் காட்டும். நமக்குப் படம் தேவைப்படுவதோ அப்போதுதான். எனவே மேகத்தை ஊடுருவிப் பார்க்கிற ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 தரும் இலவசத் தரவைப் பயன்படுத்துகிறேன். அமைதியான நீர்ப்பரப்பில் படும் ரேடார் அலை எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், செயற்கைக்கோளுக்குத் திரும்பாது. அதனால் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். உலகம் முழுக்க ஏரிகளையும் வெள்ளத்தையும் இந்த அடிப்படையில்தான் வரைபடமாக்குகிறார்கள்.

நம் கண்மாய்களில் அது சரிவர வேலை செய்யவில்லை. காரணம், உள்வாய் முழுக்க வளர்ந்து நிற்கிற சீமைக் கருவேலம். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அலை பக்கத்தில் நிற்கும் மரத்தண்டில் மோதி மறுபடி செயற்கைக்கோளுக்கே திரும்பிவிடுகிறது. அந்த இடம் படத்தில் வெளுப்பாகத் தெரியும். கணினி அதைத் தரை என்று எடுத்துக்கொள்ளும்.

போன கார்த்திகையில் தொடரின் நடுக் கண்மாய் ஒன்றில் நின்றபோது, அங்கே பல காலமாக மடை பார்க்கிற நீர்க்கட்டி ஒருவர் மடைக்கல்லில் செதுக்கியிருந்த படிகளைக் காட்டினார். கீழ்ப்படிகள் கண்ணுக்கே தெரியவில்லை. மேற்படியின் விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. "நாலாவது படி முங்கிருச்சும்மா, இனி கடைமடை வரைக்கும் தைரியமா நடலாம்" என்றார். அதே வாரத்து ரேடார் படத்தில் அந்தக் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. அவர் சொன்னதுதான் உண்மை. கரையில் நின்று நானே பார்த்தேன். கருவேலங்காட்டுக்குள் நின்ற தண்ணீரைப் படம் அப்படியே விட்டுவிட்டது.

இதற்கு நான் கண்ட வழிதான் மாநாட்டில் முன்வைக்கப்போவது. தேங்கி நிற்கும் தண்ணீரின் மட்டம் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். மரமில்லாத பக்கத்தில் தண்ணீரின் விளிம்பு ரேடாரில் துல்லியமாகக் கிடைக்கிறது. கோடையில் கண்மாய் வறண்டு கிடந்தபோது உள்வாயின் ஏற்ற இறக்கத்தை அளந்து சமமட்டக் கோடுகள் வரைந்து வைத்திருக்கிறேன். வெளியே தெரிகிற விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தால், கருவேலத்துக்குள் மறைந்த தண்ணீரின் பரப்பையும் கொள்ளளவையும் கணக்கிட்டுவிடலாம். கிடைத்த மட்டத்தை மடைக்கல் படியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறேன். நீர்க்கட்டிகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவருகிற அந்தப் படி, என் ஆய்வில் அளவுகோலாகவே இடம்பெறுகிறது. இதை ஓர் அறிவியல் அரங்கில் அவர்கள் பெயரால் சொல்லவேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

சரி, இதற்கு வியன்னா எதற்கு? உள்நாட்டுக் கருத்தரங்குகளில் இதை முன்வைத்திருக்கிறேன். நல்ல கேள்விகள் வந்தன. ஆனால் மரங்களுக்கிடையே தேங்கும் நீரை ரேடாரில் பிரித்தறிவதையே முழுநேர வேலையாகச் செய்கிறவர்கள் உலகில் சில குழுக்கள்தான். சென்டினல்-1 தரவிலிருந்து உலகளாவிய வெள்ள வரைபடம் தயாரிக்கும் கோப்பர்நிக்கஸ் சேவையின் பின்னால் இருப்பவற்றில் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவும் ஒன்று. அந்த வரைபடத்தில், அடர்ந்த தாவரம் போன்ற காரணங்களால் ரேடார் நம்பகமாக வேலை செய்யாத இடங்களைத் தனியே ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். உலகம் முழுமைக்கும் ஒரே முறையில் வரைகிற சேவைக்கு அது நியாயமான முடிவு. நமக்கோ, அப்படி ஒதுக்கப்படுகிற இடங்களில்தான் நம் பாசனம் இருக்கிறது. நில அளவையும் மடைக்கல் படியும் இருந்தால் அந்த இடங்களையும் மீட்டெடுக்கலாம் என்பதை அவர்கள் முன் வைத்து, எங்கே பிழை என்று கேட்கவேண்டும். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுக்க இந்த முறையின் மேல்தான் நிற்கிறது. ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் அந்த விமர்சனம் கிடைப்பது அவசியம்.

இன்னொரு காரணம் நிசார். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தச் செயற்கைக்கோளில் நாசாவின் எல்-பட்டை ரேடாரும் இஸ்ரோவின் எஸ்-பட்டை ரேடாரும் சேர்ந்து இருக்கின்றன. சென்டினலின் சி-பட்டையைவிட எல்-பட்டையின் அலைநீளம் அதிகம். இலைகளையும் சிறு கிளைகளையும் கூடுதலாக ஊடுருவிப் போகும். கருவேலத்துக்குள் நிற்கும் தண்ணீரை அது நேரடியாகவே காட்டக்கூடும். அப்படியானால், இப்போது நான் கணக்கிட்டுச் சொல்வதை வேறொரு கண்ணால் சரிபார்க்கலாம். இந்தத் தரவைக் கையாள்வது பற்றி, அதில் முன்னரே இறங்கிவிட்டவர்களிடம் நேரில் கேட்டுக்கொள்ள இந்த மாநாட்டைவிட நல்ல இடம் இந்த ஆண்டு எனக்கு அமையாது.

மாநாட்டில் இணையவழியாகவும் பங்கேற்க முடியும். அது போதாதா என்ற கேள்வி குழுவுக்கு நிச்சயம் எழும். செலவைப் பார்த்தால் எழவேண்டியதும்தான். உரைகளைக் கேட்பது மட்டும் நோக்கமாக இருந்தால் மதுரையிலிருந்தே கேட்டுவிடுவேன், நல்கை கேட்கமாட்டேன். நேரடிச் சுவரொட்டி அமர்வில் ஆய்வாளர் ஒன்றே முக்கால் மணி நேரம் தன் சுவரொட்டி அருகிலேயே நிற்கவேண்டும். துறை வல்லுநர்கள் நடந்து வரும்போது நின்று படிப்பார்கள், படத்தைக் கைகாட்டிக் கேட்பார்கள், நாமும் பதிலுக்குக் கேட்கலாம். சமமட்டக் கோடுகளின் மேல் ரேடார் படத்தை விரித்து வைத்து, "இந்த விளிம்பை இப்படி எடுத்தது சரியா?" என்று கேட்கிற வேலை இது. இணையவழிச் சுவரொட்டிகளுக்குத் தனி அமர்வு இருக்கிறது. அங்கே நான் தேடிப் போகிறவர்கள் வந்து நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. அப்புறம், சுவரொட்டி முடிந்தபின் தேநீர் வேளையில் தொடரும் பேச்சிலிருந்துதான் பின்னாளில் கூட்டாய்வுகள் பிறக்கின்றன என்று என் நெறியாளர் தம் அனுபவத்திலிருந்து சொல்கிறார்.

செலவு விவரம். மதுரையிலிருந்து சென்னை வழியாக வியன்னா சென்று திரும்பச் சிக்கன வகுப்பு விமானக் கட்டணம் ரூ.72,000. மாநாட்டுப் பதிவுக் கட்டணம், சுருக்கத்துக்கான கட்டணம் உட்பட, ரூ.42,000. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ; அதோடு சேவைக் கட்டணமும் விசாவுக்காகச் சென்னை போய்வரும் செலவும் சேர்த்து ரூ.12,000. விசாவுக்குக் கட்டாயமான, 30,000 யூரோ வரை ஈடு தரும் பயணக் காப்பீட்டுக்கு ரூ.2,500. மாநாட்டு மையத்துக்குப் போகிற யு1 மெட்ரோ தடத்தை ஒட்டிய விடுதியில் பகிர்வு அறையில் தங்க ரூ.28,000, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு ரூ.3,000, உணவுக்கு ரூ.14,000. ஆக மொத்தம் ரூ.1,73,500. இதில் ரூ.20,000 என் ஆய்வு உதவித்தொகையின் இதரச் செலவுக் கணக்கிலிருந்து கிடைக்கும். துறைத் தலைவரின் ஒப்புதல் இணைப்பில் உள்ளது. உணவுச் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். மீதிதான் குழுவிடம் கேட்கும் ரூ.1,39,500. வேறெந்த அமைப்பிடமிருந்தும் இந்தப் பயணத்துக்கு நிதி பெறவில்லை. பின்னர் ஏதேனும் கிடைத்தால் அந்தத் தொகையைக் குழுவின் நல்கையில் கழித்துக்கொள்ளலாம். என் அப்பா திருமங்கலத்தில் தையல் தொழில் செய்கிறார். மொத்தச் செலவையும் குடும்பத்தில் கேட்கிற நிலையில் நான் இல்லை.

திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் பயண அறிக்கையும் பற்றுச்சீட்டுகளும் ஒப்படைப்பேன். துறையில் இளைய ஆய்வாளர்களுக்கும் முதுகலை மாணவர்களுக்கும் ரேடார் தரவைத் தரவிறக்கிக் கையாளும் செய்முறைப் பயிற்சி ஒன்றை நடத்துவேன். மென்பொருள், தரவு இரண்டும் இலவசம் என்பதால் கணினி ஆய்வகம் மட்டும் போதும். கண்மாய்கள் நிறையும் வரிசையைக் காட்டும் வரைபடத்தைத் தமிழில் தயாரித்து, தொடரிலுள்ள பாசன விவசாயிகள் சங்கங்களுக்கும் நீர்வளத் துறையின் கோட்ட அலுவலகத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் கொடுக்கவேண்டும் என்பது என் திட்டம். இது ஊர்ப்புறத்துக்கு மட்டும் உதவுகிற வேலையும் அல்ல. 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூர் பகுதி வீதிகளில் தண்ணீர் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மதுரை நகருக்குள் எஞ்சியிருக்கும் கண்மாய்கள் எந்த வேகத்தில் நிறைகின்றன என்பதை இதே முறையில் பின்தொடர முடியும். நகரத்துக் கண்மாய்களில் கருவேலத்துக்குப் பதில் ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடியிருப்பதால் முறையைக் கொஞ்சம் மாற்றவேண்டியிருக்கும்.

நேரம் பற்றி ஒரு வேண்டுகோள். விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்தாகவேண்டும்; பரிசீலனைக்கே அவ்வளவு நாள் ஆகும் என்பதால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட நினைக்கிறேன். செலவை யார் ஏற்கிறார்கள் என்பதற்கான கடிதத்தை விண்ணப்பத்தோடு வைக்கவேண்டும். எனவே மார்ச் 27க்குள் குழுவின் முடிவு தெரிந்தால் பேருதவியாக இருக்கும். முழுத் தொகை தர இயலாவிட்டால், விமானக் கட்டணத்தை மட்டுமாவது முன்பணமாக வழங்குமாறு வேண்டுகிறேன். குழு நேர்காணலுக்கு அழைத்தால் வரைபடங்களோடு எந்த நாளும் வரத் தயார்.

இணைப்பு: ஏற்புக் கடிதம், ஆய்வுச் சுருக்கம், நெறியாளரின் பரிந்துரை, துறைத் தலைவரின் நிதி ஒப்புதல், விமானக் கட்டண மதிப்பீடு, கடவுச்சீட்டு நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராணி