மீதிச் சில்லறை

காலை நேரத்து அழகர்கோவில் வண்டியில் ஏறியவர்களுக்குத் தெரியும், தல்லாகுளம் தாண்டினால் கண்டக்டர் கையை அசைக்கக்கூட இடமிருக்காது. கோரிப்பாளையத்தில் பாதிக் கூட்டம் இறங்கிய பிறகுதான் முருகேசனுக்கு மூச்சு வந்தது.

மேம்பாலம் ஏறும்போது ஜன்னலோர சீட்டில் அந்தக் கவர் கிடந்தது. பழுப்புக் கவர், ஒட்டவில்லை. மேலே நீல மையில் 'இருதயப் பிரிவு, பெரியாஸ்பத்திரி, மதுரை' என்று எழுதியிருந்தது. உள்ளே கிராமத்து டாக்டர் எழுதிய கடிதமும், நான்காக மடித்த ஈ.சி.ஜி. தாளும். கடிதத்தோடு சேர்த்து ஒரு டிக்கெட். அதன் முதுகில் முருகேசனுடைய கையெழுத்திலேயே '5'.

அப்பன்திருப்பதியில் ஏறிய பெரியவர்! நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தவர். மீதி வாங்காமலே இறங்கிப் போயிருக்கிறார். இது இல்லாமல் போனால் எந்த வரிசையில் நிற்பார், யாரிடம் என்ன சொல்வார்?

சிம்மக்கல் நெரிசலில் எதிரே நம்ம டிப்போ வண்டி நின்றது. முருகேசன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"மாப்ள! பெரியாஸ்பத்திரி வாசல்ல பெரியவரு ஒருத்தரு, பச்சைத் துண்டு, மஞ்சப் பை. இத அவர் கையில குடு. கூட அஞ்சு ரூபா குடுத்துரு."

பெரியார் நிலையத்தில் போன் வந்தது.

"அண்ணே, ஓ.பி. சீட்டு வரிசையில நின்னு அழுதுக்கிட்டிருந்தாரு. குடுத்துட்டேன். காசு வேணாங்கிறாரு. திரும்பற ட்ரிப் எத்தன மணிக்குன்னு கேக்குறாரு, உங்க வண்டியிலதான் ஊருக்குப் போவாராம்."

"பன்னெண்டே காலுன்னு சொல்லு. முன் சீட்டப் பிடிச்சு வைக்கிறேன்."