இரவு அழைப்பு விதிகள்: வேதாரண்யம் இறால் பண்ணை, 6 குளங்கள்

வரும் திங்கள் இரவிலிருந்து இதுதான் நடைமுறை. மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு பிரதி ஒட்டியிருக்கும்.

போன மாதம் ஒரே இரவில் குளத்துச் சென்சார்களிலிருந்து உப்பு, பி.எச்., பேட்டரி என்று 38 குறுஞ்செய்திகள். வெறுத்துப்போய் எல்லோரும் போனை சைலண்டில் போட்டோம். 4 மணிக்கு மூன்றாம் குளத்தில் ஆக்சிஜன் சரிந்த செய்தியும் அதிலேயே கிடந்தது. விடிந்து போய்ப் பார்த்தால், கரையோரம் இறால் மேலே வந்து தவித்துக்கொண்டிருந்தது. அதனால் இனி, யாராவது எழுந்து குளத்துக்குப் போக வேண்டிய விஷயத்துக்கு மட்டுமே இரவில் போன் அடிக்கும்.

ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் கொட்டகை விளக்கு சிவப்பாகும், போன் அடிக்காது. காவல் அண்ணன் எல்லா ஏரேட்டரையும் போட்டுவிட வேண்டும். 3.5-க்கு இறங்கினால் முதல் அழைப்பும் அவருக்கே. குளத்துக்கு 2 நிமிடத்தில் போகக்கூடியவர் அவர்தான். 3 நிமிடத்தில் எடுக்காவிட்டால் மறுபடி அடிக்கும். அதற்கும் பதில் இல்லை என்றால் டெக்னீஷியனுக்கு, அவரும் 5 நிமிடத்தில் எடுக்காவிட்டால் எனக்கு. 3-க்குக் கீழே போனால் வரிசை கிடையாது, மூவருக்கும் ஒரே நேரத்தில் அடிக்கும்.

போனை எடுத்து 1 அழுத்தினால் 15 நிமிடம் சத்தம் நிற்கும். அளவு ஏறவில்லை என்றால் திரும்ப அடிக்கும். படுத்துக்கொண்டே அழுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. இருட்டில் பாசி ஆக்சிஜன் தராது, இறாலோடு சேர்ந்து அதுவும் மூச்சு விடும். 3 மணியிலிருந்து விடியும்வரைதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. நாமும் அசந்து தூங்குவது அந்த நேரத்தில்தான்.

கரண்ட் போனால் 2 நிமிடம் காத்திருக்கும். ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொண்டால் யாரையும் எழுப்பாது, காலைப் பட்டியலில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். எடுக்காவிட்டால் காவல் அண்ணனுக்கும் டெக்னீஷியனுக்கும் சேர்த்தே அடிக்கும்.

சென்சாரிலிருந்து 20 நிமிடம் ஒன்றுமே வராவிட்டால் அதுவும் அழைப்புதான், காவல் அண்ணனுக்கு. அளவு திடீரென்று பூஜ்யம் காட்டினால் முனையில் பாசி படிந்திருக்கலாம். ஆனாலும் கைமீட்டரை இறக்கிப் பார்க்காமல் அப்படி முடிவு கட்டக் கூடாது.

பி.எச்., உப்பு, சென்சார் பேட்டரி, தீவன இருப்பு எல்லாம் இரவு 10 முதல் காலை 5.30 வரை மௌனம். 5.30-க்கு ஒரே செய்தியாக டெக்னீஷியனுக்கு வரும். ஆக்சிஜன் 4-க்கு மேல் வராத குளத்துக்குக் காலைத் தீவனம் போடக் கூடாது என்பதும் அதில் இருக்கும்.

மேகமூட்டமான பகலுக்கு அடுத்த இரவில் மட்டும் முதல் அழைப்பு 3.5-க்குப் பதில் 4-லேயே வரும். மாற்றிவைப்பது என் பொறுப்பு. மாலை 6 மணிக்குள் நான் மாற்றவில்லை என்றால் காவல் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.