எல்பிடபிள்யூ: கால்ல பட்டா அவுட்டா?

ஸ்லைடு 1
தண்டையார்பேட்டை சந்து மேட்ச்ல எல்பிடபிள்யூ பெரும்பாலும் வைக்க மாட்டோம். அம்பயர் இல்லை, சண்டைதான் மிச்சம். மைதானத்துக்கு வந்தா இது தெரியாம ஆட முடியாது.

ஸ்லைடு 2
படம்: பவுலர் பார்வை, வலது கை பேட்ஸ்மேன். பிட்ச் = பந்து தரையில் விழுந்த இடம், கால் = காலில் பட்ட இடம். ✓ = அவுட் ஆகலாம், ✗ = நாட் அவுட்.

```
         ஆஃப் | ஸ்டம்ப் நேர் | லெக்
பிட்ச்    ✓   |     ✓       |  ✗
கால்     *    |     ✓       |  ✗
```
* ஷாட் ஆட முயற்சியே பண்ணலைன்னா மட்டும் ✓

நடுக்கட்டத்தின் அகலம் 9 இன்ச், அவ்வளவுதான். இடது கை பேட்ஸ்மேனுக்கு ஆஃப், லெக் இடம் மாறும்.

ஸ்லைடு 3
அம்பயர் வரிசையா பார்ப்பது:
நோ-பாலா? லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆச்சா? முதல்ல பேட்டில் பட்டதா? ஒண்ணுக்கு 'ஆமா'ன்னாலும் நாட் அவுட். பேட்டைப் பிடிச்ச கையின் கிளவுஸும் பேட் கணக்குதான்.
அப்புறம், எங்கே பட்டது? கடைசியா, பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா? ஸ்டம்ப் உயரம் 28 இன்ச். முட்டிக்கு மேல பட்டா, பெரும்பாலும் மேலே பறந்திடும். கிரீஸை விட்டு நல்லா முன்னே வந்து ஆடினவருக்கும் சந்தேகத்தின் பலன் உண்டு.

ஸ்லைடு 4
புதுசா வர்றவங்க தடுமாறும் இடம்:
பிட்ச் ஆகாம நேரா காலில் பட்டா (ஃபுல் டாஸ்), பந்து அதே போக்கில் போகும்னு கணக்கு. தோள், ஹெல்மெட்டில் பட்டாலும் எல்பிடபிள்யூ ஆகலாம்.
"ஹவ்ஸாட்" கேட்காம அம்பயர் விரலைத் தூக்க மாட்டார். கத்துங்க!