தேன்மொழி, உன் ஹால் டிக்கெட் பட்டியல்

தேனு, நீ அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் படித்து, குரூப் 4 தேர்வுக்கு நீ செய்ய வேண்டியதை மட்டும் எழுதியிருக்கிறேன். மூன்றாவது படத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் விழுந்து இரண்டு வரி அழிந்துவிட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் ஜன்னல் ஓரமாக வைத்து ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்து அனுப்பு. அதில் ஏதாவது இருந்தால் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிடுகிறேன்.

*நேரம் (ஞாயிற்றுக்கிழமை)*
காலை 8.30: மையத்தில் இருக்க வேண்டும்
காலை 9.00: இதற்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள்
9.30 முதல் 12.30 வரை: தேர்வு
12.45: இதற்கு முன் அறையை விட்டு வெளியே வர முடியாது

9.30 தேர்வுதானே என்று கணக்குப் போடாதே, உனக்கு 9.00 மணிதான் கெடு. உசிலம்பட்டியிலிருந்து திருமங்கலம் ஒரு மணி நேரம் என்று வைத்தாலும், இறங்கி ஆட்டோ பிடித்துப் பள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிக் கடைசி நேரத்தில் கிளம்பாதே. 6.30க்கெல்லாம் ஏறிவிடு. சித்தப்பாவை சனிக்கிழமையே ஒரு தடவை வண்டியில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல். ஒரே பெயரில் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் இருந்தால் ஹால் டிக்கெட்டில் இருக்கும் முழு முகவரியைப் பார்த்துக்கொள்.

*எடுத்துப்போக*
☐ ஹால் டிக்கெட், அச்செடுத்தது. இரண்டு பிரதி எடுத்துவிடு
☐ ஆதார் அட்டை. அசலே கொண்டுபோ, நகலும் ஒன்று வைத்துக்கொள். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பான், வாக்காளர் அட்டை இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், ஆனால் உன்னிடம் இருப்பது ஆதார்தான்
☐ கறுப்பு பால்பாயிண்ட் பேனா மூன்று. நீலம் வேண்டாம், ஜெல் வேண்டாம், பென்சில் வேண்டவே வேண்டாம். புதுப் பேனா என்றால் வீட்டிலேயே எழுதிப் பார்த்து எடுத்துவை
☐ பஸ் செலவுக்குச் சில்லறை

இன்னொன்று, இதை இன்றைக்கே செய். உன் ஹால் டிக்கெட்டில் முகம் மங்கலாக விழுந்திருக்கிறது. படம் தெளிவில்லாதவர்களுக்கு அதிலேயே வழி சொல்லியிருக்கிறார்கள்: ஒரு வெள்ளைத் தாளில் பாஸ்போர்ட் அளவு புகைப்படத்தை ஒட்டி, பெயர், முகவரி, பதிவெண் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஹால் டிக்கெட் நகலும் ஆதார் நகலும் சேர்த்து முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். முதலில் நல்ல பிரிண்டரில் ஒரு முறை எடுத்துப் பார். அதிலும் மங்கல் என்றால் இந்தத் தாளைத் தயார் செய்துவிடு. தேவைப்படாமல் போனாலும் நஷ்டமில்லை.

*கொண்டுபோகக் கூடாது*
செல்போன், கால்குலேட்டர், ப்ளூடூத், ஸ்மார்ட் வாட்ச், புத்தகம், குறிப்பு, கைப்பை. போனை அணைத்து வைத்திருந்தேன் என்று சொல்வதெல்லாம் எடுபடாது. உன் போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போ. திரும்பும்போது அழைக்க சித்தப்பா எண்ணை மனப்பாடம் செய்துகொள். ஆதார் போனில் இருக்கிறதே என்று நினைக்காதே, போனே உள்ளே வராது.

*அறைக்குள்*
ஓ.எம்.ஆர். விடைத்தாள் கைக்கு வந்ததும் அதில் உன் பெயர், பதிவெண், படம் சரியா என்று பார். மாறியிருந்தால் எதையும் எழுதுவதற்கு முன்பே கண்காணிப்பாளரிடம் சொல். வினாத்தொகுப்பில் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்றும் தொடங்குவதற்கு முன்பே புரட்டிப் பார்த்துவிடு. வினாத்தொகுப்பு எண்ணை எழுதி வட்டத்தை நிரப்பும்போது அவசரப்படாதே, அதில் பிழை வந்தால் மதிப்பெண் குறையும்.

200 கேள்விக்கும் ஏதாவது ஒரு வட்டம் கறுப்பாக இருக்க வேண்டும், வெற்றாக விடக் கூடாது. தெரியாததற்கு E என்று ஒரு வட்டம் தனியாக இருக்கிறது. ஆனால் தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை, அதனால் இரண்டு விடைக்கு நடுவே தடுமாறினால் ஒன்றைத் தேர்ந்தெடு. எதுவுமே தோன்றாதபோதும் நான் E பக்கம் போகமாட்டேன். ஒரே கேள்விக்கு இரண்டு வட்டத்தை நிரப்பிவிடாதே, அழிக்கவும் வழியில்லை.

தமிழ்ப் பகுதியை முதலில் முடி. அதில் 40 சதவீதம், அதாவது 150க்கு 60 வாங்கினால்தான் மற்ற பகுதியைத் திருத்துவார்கள்.

12.30க்கு மணி அடித்ததும் எழுந்துவிடாதே. A எத்தனை, B எத்தனை என்று E வரை எண்ணி எழுத 12.45 வரை அந்த 15 நிமிடம். கூட்டினால் 200 வர வேண்டும். கையெழுத்து இடங்களை ஒரு முறை பார்த்துவிட்டு விடைத்தாளைக் கண்காணிப்பாளர் கையிலேயே கொடு.

பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்டால்கூடப் பேசாதே, திரும்பிப் பார்க்காதே. முறைகேடு என்று எழுதிவிட்டால் இந்தத் தேர்வோடு போகாது, அடுத்தடுத்த தேர்வுகளும் எழுத முடியாமல் போகும்.

சரி, சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.