வாகனக் கடன் முடிந்தது: ஹெச்.பி. பதிவை நீக்கவும் தடையில்லாச் சான்று தரவும் கோரும் கடிதம்

அனுப்புநர்
மு. சண்முகவேல்
12/4, மூன்றாவது குறுக்குத் தெரு,
பாளையங்கோட்டை,
திருநெல்வேலி 627 002.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
வாகனக் கடன் பிரிவு,
திருநெல்வேலி கிளை.

நாள்: 17.09.2025

பொருள்: கடன் கணக்கு எண் 20087 11460 – கார் எண் டி.என். 72 பி.ஆர். 4163 – கடைசித் தவணை செலுத்தியாகிவிட்டது – படிவம் 35, என்.ஓ.சி. வழங்கி ஹெச்.பி. பதிவை நீக்க உதவக் கோருதல்.

ஐயா,

வணக்கம். என் சொந்த உபயோகத்துக்காக 2020 ஆகஸ்டில் உங்கள் கிளையில் ரூ. 4,80,000 கடன் பெற்று மேற்கண்ட காரை வாங்கினேன். மாதம் ரூ. 10,140 வீதம் 60 தவணை. முதல் தவணை 07.09.2020 அன்றும் கடைசித் தவணை 07.08.2025 அன்றும் என் சம்பளக் கணக்கிலிருந்து பிடித்தம் செய்யப்பட்டன. கடைசிப் பிடித்தம் தெரியும் பாஸ்புக் பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன். தவணைத் தேதி நெருங்கினால் உங்களிடமிருந்து வரிசையாகக் குறுஞ்செய்தி வரும். கடன் முடிந்த பிறகு ஒன்றுகூட வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கிளையில் நேரில் கேட்டபோது, கணக்கில் ரூ. 590 பாக்கி காட்டுவதால் என்.ஓ.சி. உருவாகவில்லை என்றார்கள். அந்தத் தொகை எதற்கானது என்பது எனக்குத் தெரியும். 2022 நவம்பரில் சம்பளம் இரண்டு நாள் தள்ளி வந்ததால், 7-ஆம் தேதிக்கான பிடித்தம் திரும்பிவிட்டது. 9-ஆம் தேதியே உங்கள் கவுண்டரில் தவணை ரூ. 10,140, திரும்பியதற்கான கட்டணம் ஜி.எஸ்.டி. உட்பட ரூ. 590, ஆக ரூ. 10,730 ரொக்கமாகக் கட்டினேன். ரசீது எண் 2231. இரண்டு தொகையும் அதில் தனித்தனியே எழுதப்பட்டு, கிளை முத்திரையும் காசாளர் கையெழுத்தும் இருக்கின்றன. தவணை வரவாகி, கட்டணம் மட்டும் வரவாகாமல் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ரசீது நகலை இணைத்துள்ளேன், அசலைக் காட்டவும் தயார். வேலை முடியட்டும் என்று அந்த 590-ஐ மறுபடி கட்டிவிடும்படி ஒருவர் சொன்னார். கட்டிய பணத்தை இரண்டாவது முறை கட்ட நான் சம்மதிக்கவில்லை. கணக்கைச் சரிபார்த்து நிலுவை எதுவும் இல்லை என்று பதிவு செய்து, முழுக் கணக்கு விவர அறிக்கை ஒன்றும் தர வேண்டுகிறேன்.

அடுத்தது பெயர் விஷயம். இதைச் சற்றுக் கவனமாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்று பதிவாகியிருப்பது உங்கள் நிறுவனம் இணைப்புக்கு முன் வைத்திருந்த பழைய பெயர். இப்போதைய லெட்டர்ஹெட்டில் புதுப் பெயரை மட்டும் போட்டுக் கொடுத்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே சான்றில் பழைய பெயரையும் குறிப்பிட்டு, அது இன்று உங்கள் நிறுவனமே என்று ஒரு வரி சேர்த்து, இணைப்பு ஆணையின் சான்றிட்ட நகலையும் தாருங்கள். பதிவு எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் மூன்றும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி உங்களிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஆர்.சி. நகலை இணைத்துள்ளேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 61-ஆம் விதிப்படி, கடன் ஒப்பந்தம் முடிந்ததைப் படிவம் 35-இல் உரிமையாளரும் கடன் கொடுத்தவரும் சேர்ந்து கையெழுத்திட்டுத் தெரிவிக்க வேண்டும். என் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட்ட இரண்டு பிரதிகளை இத்துடன் வைத்துள்ளேன். உங்கள் அதிகாரம் பெற்ற அலுவலர் இரண்டிலும் கையெழுத்திட்டு முத்திரை வைத்தால் போதும். கடன் முடிந்த தகவலை வாகன் தளத்தில் நீங்களே நேரடியாக ஏற்றும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள். ஆனால் காகிதச் சான்றும் எனக்கு வேண்டும். சான்றுக்குக் காலவரம்பு குறிப்பிடுவது உங்கள் வழக்கம் என்றால், அதை என் கையில் கிடைக்கும் நாளிலிருந்து கணக்கிடும்படி தேதியிடுங்கள்.

தபாலில் அனுப்புவதாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. உங்கள் பதிவில் 2020-இல் கொடுத்த மேலப்பாளையம் முகவரிதான் இருக்கும். இப்போது நான் அங்கு இல்லை. ஏற்கெனவே அங்கே அனுப்பியிருந்தால் அந்தச் சான்றை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வழங்குங்கள். கைபேசி எண் மாறவில்லை. தயாரானதும் அழைத்தால் ஆதார் அட்டையுடன் கிளைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

கடனுக்கு ஈடாக அன்று வாங்கிய ஆறு வெற்றுக் காசோலைகள், காரின் மாற்றுச் சாவி, கையெழுத்திட்டுக் கொடுத்த மற்ற தாள்கள் ஆகியவற்றையும் திருப்பித் தர வேண்டும். மாதாந்திரப் பிடித்தத்துக்கான நாச் ஆணையை உங்கள் பக்கத்திலிருந்து ரத்து செய்யுங்கள். சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்களிலும் இந்தக் கணக்கு முடிந்துவிட்டதாகப் பதியப்பட வேண்டும். 590 ரூபாய் பாக்கி என்ற வரி அங்கேயும் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. கடந்த மாதம் காப்பீட்டைப் புதுப்பித்தபோது என்.ஓ.சி. கையில் இல்லாததால், புதுப் பாலிசியிலும் கடன் கொடுத்தவர் என்று உங்கள் பெயரே ஏறிவிட்டது. அதை நீக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கென்று தனியாக ஒரு சான்றும் தேவை.

கடன் முழுதும் அடைந்த 30 நாட்களுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து, அடமானப் பதிவையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 13.09.2023 சுற்றறிக்கையில் கூறியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடனுக்கும் இது பொருந்தும் என்பது என் புரிதல். தாமதமானால் காரணத்தைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனத்தின் பக்கத்துத் தாமதம் என்றால் நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு என்றும் அதில் இருக்கிறது. என் கணக்கில் அந்த 30 நாள் செப்டம்பர் 6-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. காரணம் எழுத்தில் எதுவும் வரவில்லை. இழப்பீட்டுக்காக இதை எழுதவில்லை. காரை வாங்கிக்கொள்ள என் மைத்துனர் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஹெச்.பி. பதிவு இருக்கும்வரை உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. எனக்கு வேண்டியது சான்றுதான். அதற்காக உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதாகவும் கொள்ள வேண்டாம்.

இக்கடிதத்தை என் முறையான புகாராகவும் பதிவு செய்து, புகார் எண்ணைத் தெரிவியுங்கள். 25.09.2025-க்குள் சான்றோ, தர இயலாததற்கான காரணமோ எழுத்தில் கிடைக்கும் என எதிர்பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் உங்கள் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுவேன். இன்றிலிருந்து 30 நாளாகியும் தீர்வு இல்லையென்றால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாக முறையிடுவேன். அந்த அளவுக்குப் போகாமல் முடித்துவைப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐந்து ஆண்டுகளாக உங்கள் கவுண்டரில் இருப்பவர்கள் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இக்கடிதத்தின் இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்ட தேதியுடன் கிளை முத்திரை இட்டுத் தரவும்.

நன்றி.

இப்படிக்கு,
மு. சண்முகவேல்

இணைப்பு: பாஸ்புக் பக்க நகல், ரசீது எண் 2231-இன் நகல், ஆர்.சி. நகல், காப்பீட்டு பாலிசி நகல், ஆதார் நகல், கையெழுத்திட்ட படிவம் 35 இரண்டு பிரதிகள்.